ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை செத்துப்போன டேப்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோடுல ஒரு ஹோல்சேல் நைட்டி கடை. கீழ கடை, மாடியில ஆர்டர் பாக்குற ரூம், அங்க ஒரு டெஸ்க்டாப். நான் தண்டையார்பேட்டையில சிஸ்டம் சர்வீஸ் பண்றேன், அந்தக் கடைக்கு பிரிண்டர்ல இருந்து சிசிடிவி வரைக்கும் எது புட்டுக்கிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். இந்தத் தடவை போன்ல முதலாளி அண்ணன் சொன்னது இதுதான்: "தம்பி, ஆர்டர் பேஜு திடீர் திடீர்னு காணாமப் போயிடுது, ஒரு சோக மூஞ்சி வருது, வந்து இன்னான்னு பாரு."

போய்ப் பாத்தா குரோம்ல அந்த மூஞ்சி சுளிச்ச ஃபைல் படம், பக்கத்துல Aw, Snap!, கீழ சின்ன சாம்பல் எழுத்துல ஒரு வரி. முக்கால்வாசி பேர் அந்தச் சின்ன வரியப் படிக்கவே மாட்டாங்க, Reload அமுக்கிட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்க, ஆனா விஷயமே அதுலதான் இருக்கு. இங்க வந்தது இது:

```
Error code: Out of Memory
```

இதே இடத்துல STATUS_ACCESS_VIOLATION மாதிரி ஏதாவது வந்திருந்தா நான் வேற பக்கம் போயிருப்பேன், ஆன்டிவைரஸ் ஏதாவது குரோமுக்குள்ள கைய விடுதா, ராம் ஸ்டிக்கே கெட்டுப்போச்சான்னு. Out of Memory-ன்னா கதை வேற, அந்தப் பேஜ ஓட்டிட்டிருந்த புராசஸ் மெமரி கேட்டிருக்கு, கிடைக்கல, செத்துப்போச்சு. குரோம்ல பொதுவா ஒவ்வொரு சைட்டுக்கும் தனித்தனி புராசஸ், அதனாலதான் பக்கத்து டேப்ல வாட்ஸ்அப் ஜம்முனு ஓடிட்டிருக்கும்போது இந்த டேப் மட்டும் படுத்துக்கிச்சு.

அந்த ஆர்டர் பேஜு என்னன்னா, ஒரு சின்ன டெவலப்பர் செஞ்சு குடுத்தது. பெரிய டேபிள், 600 வரி, ஒவ்வொரு வரியிலயும் ஆர்டர் நம்பர், ஊர், சைசு, கலரு, துணியோட குட்டிப் படம். 20 செகண்டுக்கு ஒரு தடவை தானா ரெஃப்ரெஷ் ஆகும், புது ஆர்டர் வந்தா மேல வரும். மாடியில உக்காந்து ஆர்டர் பாக்குற பொண்ணு காலைல கடை தொறந்ததும் அதைத் தொறந்து வெச்சா ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் அப்படியே இருக்கும். இருக்கணும்.

நான் பண்ண முதல் தப்பு, கேள்வியே கேக்காம வைத்தியம் பாத்தது. எட்டு ஜிபி ராம், ரெண்டு மூணு வருஷம் ஓடின மெஷினு, Out of Memory-ன்னு அதுவே சொல்லுது, அப்போ ராம் பத்தலன்னு முடிவு பண்ணிட்டேன். "அண்ணே, இன்னொரு எட்டு போட்டுட்டா செட் ஆயிடும்"னு சொல்லிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போயி, தெரிஞ்ச கடையில ஒத்து வரலன்னா திருப்பித் தரேன்னு பேசி ஒரு எட்டு ஜிபி ஸ்டிக் வாங்கிட்டு வந்தேன்.

அந்தப் பொண்ணு அதுக்குள்ள ஒரு வேலை பண்ணி வெச்சிருந்துச்சு, என்னை விட புத்திசாலி. பில் புக்கோட பின் அட்டையில டேப் எப்போ தொறந்துச்சு எப்போ போச்சுன்னு பேனாவால எழுதி வெச்சிருந்துச்சு. 10:15 தொறந்தது 12:50 போச்சு, 1:05 தொறந்தது 3:40 போச்சு, 3:45 தொறந்தது 6:20 போச்சு. "அண்ணா, எப்பவுமே ரெண்டரை மணி நேரம்தாண்ணா வருது"ன்னு காட்டுச்சு. நான் சரி சரின்னு தலையாட்டிட்டு கேபினெட்ட கழட்ட ஆரம்பிச்சேன். அந்த மூணு வரிய அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா ஸ்டிக் வாங்கவே போயிருக்க மாட்டேன்.

ஏன்னா மெஷின்ல ராம் பத்தாம சாகுற டேப் இப்படி கடிகாரம் பாத்து சாகாது. அன்னிக்கு வேற என்னென்ன தொறந்திருக்கு, டாலி ஓடுதா, யாராவது யூட்யூப் போட்டாங்களான்னு பொறுத்து முன்னப் பின்ன ஆகும். ஒவ்வொரு தடவையும் அதே 2 மணி 35 நிமிஷம்னா, ஏதோ ஒண்ணு சீரா ஏறிக்கிட்டே போயி ஒரு நிலையான கூரையில முட்டுதுன்னு அர்த்தம்.

ராம் போட்டாச்சு, 16 ஜிபி ஆச்சு. அடுத்த நாள் 10:15-க்கு தொறந்துச்சு, 12:50 தாண்டிச்சு, சாப்பாட்டு நேரம் தாண்டிச்சு. அண்ணன் எனக்கு போன் பண்ணி "சூப்பர்பா"ன்னு சொல்லி அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, மூணரைக்கு மேல அதே மூஞ்சி, அதே Out of Memory. சாகுறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம்தான் ரெண்டு மடங்காச்சு, வியாதி அப்படியே இருக்கு. இது ஏன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு மொத்தமும் புரிஞ்சுது.

குரோம்ல ஒரு டேப்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மெஷின்ல இருக்குற மொத்த ராமும் கிடைக்காது, அதுக்குன்னு தனியா ஒரு கூரை இருக்கு. அந்தப் பேஜ்லயே F12 தட்டி Console-ல இதைப் போட்டா அந்தக் கூரை எவ்வளவுன்னு பைட்ல சொல்லும்:

```
performance.memory.jsHeapSizeLimit
```

எட்டு ஜிபி இருந்தப்போ 2172649472, அதாவது ரெண்டு ஜிபிக்குக் கொஞ்சம் மேல. 16 போட்டப்புறம் 4294705152, நாலு ஜிபி. மெஷின்ல ராம் ஜாஸ்தியா இருந்தா குரோம் இந்தக் கூரையக் கொஞ்சம் ஒசத்திக் குடுக்குது, ஆனா நாலு ஜிபிக்கு மேல போகாது, 32 போட்டாலும் 64 போட்டாலும் அதேதான். 2020-ல வந்த குரோம் 80-ல இருந்து மெமரிய மிச்சம் பண்றதுக்காக ஜாவாஸ்கிரிப்ட் பொருளோட முகவரிய 64 பிட்டுக்குப் பதிலா 32 பிட்ல சுருக்கி வெக்கிறாங்க. 32 பிட்டால எட்டிப் பிடிக்க முடியுற தூரமே நாலு ஜிபிதான். மத்தபடி படம், வீடியோ இதெல்லாம் இந்தக் கணக்குல வராது, அது வேற இடத்துல உக்காரும்.

எட்டு ஜிபி இருந்த அன்னிக்கு டேப் செத்த நேரத்துல விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல ஒரு ஜிபிக்கு மேல காலியாத்தான் இருந்துச்சு. எனக்கு அது அப்பவே இடிச்சுது, ஆனா கண்டுக்கல. ராம் காலியா இருக்கும்போதே ஒரு டேப் Out of Memory சொன்னா அது தன்னோட கூரையில முட்டிடுச்சுன்னுதான் முதல்ல சந்தேகப்படணும்.

சரி, ஏறுறது எதுன்னு பாக்கணும். குரோமுக்கு உள்ளயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கு, Shift+Esc அமுக்கினா வரும். அதுல தலைப்பு மேல ரைட் கிளிக் பண்ணி JavaScript memory காலத்தையும் போட்டுக்கணும், தானா வராது. டேப்ப புதுசா தொறந்து டீ வாங்கிட்டு வந்து உக்காந்து பாத்தேன். ஆரம்பத்துல 120 எம்பி. பத்து நிமிஷத்துல 250. இருபது நிமிஷத்துல 380. ஒரு நிமிஷத்துக்கு 13 எம்பி வீதம், ஒரு தடவை கூட எறங்கல. இப்போ அந்தப் பொண்ணோட கணக்க எடுத்து வெச்சுப் பாருங்க, கூரை 2172 எம்பின்னு வெச்சுக்கிட்டா, ஆரம்ப 120 கழிச்சா 2052, அதை 13-ஆல வகுத்தா 158 நிமிஷம், அதாவது 2 மணி 38 நிமிஷம். பில் புக் அட்டையில இருந்தது 2 மணி 35. நாலு ஜிபிக்கு அதே கணக்கு போட்டா அஞ்சே கால் மணி நேரத்துக்கு மேல, 10:15-க்கு தொறந்தா மூணரை தாண்டி. அப்படியே உக்காருது.

அந்த லிஸ்ட்ல நாலு எக்ஸ்டென்ஷனும் தனித்தனி வரியா இருந்துச்சு, ஒரு விளம்பரத் தடுப்பு, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்குறது, ஒரு தமிழ் டைப்பிங், இன்னொண்ணு பேஜ கறுப்பு பின்னணிக்கு மாத்துறது. நாலுமே முப்பது நாப்பது எம்பியில தேமேன்னு நிக்குது, ஒண்ணும் ஏறல. ஏறுனது அந்த ஆர்டர் பேஜோட Tab வரி மட்டும்தான். அப்போ குத்தம் பேஜோடதுன்னு முடிவு பண்ணி அந்த டெவலப்பருக்கு போன் பண்ணி கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன். அவரு பொறுமையா, "சார், இதே பேஜ் இன்னும் சில கடையில ஓடுது, எவனும் கம்ப்ளைன்ட் பண்ணல, என் மெஷின்ல காலைல இருந்து ஓடுது, 150 தாண்டல"ன்னாரு. சும்மா சொல்றாருன்னு நெனச்சேன்.

அவர் வாயை அடைக்கலாம்னுதான் இன்காக்னிட்டோ தொறந்தேன். அதுல நாமளா Allow in Incognito குடுக்காத வரைக்கும் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. லாகின் பண்ணி அதே பேஜ், அதே 600 வரி, அதே 20 செகண்ட். 95-ல ஆரம்பிச்சு 160 வரைக்கும் ஏறும், பொத்துன்னு 95-க்கு எறங்கும், மறுபடி ஏறும் எறங்கும். நாப்பது நிமிஷம் பாத்தேன், ரம்பப் பல்லு மாதிரி அதே ஆட்டம். வாய் அடைஞ்சது எனக்குத்தான். அவருக்கு போன் பண்ணி சாரி சொன்னேன்.

ஆக எக்ஸ்டென்ஷன்தான். ஆனா எக்ஸ்டென்ஷன் வரியெல்லாம் ஆடாம அசையாம நின்னுச்சே? இங்கதான் பல பேர் ஏமாறுறாங்க, நானும் ஏமாந்தேன். ஒரு எக்ஸ்டென்ஷன் ரெண்டு எடத்துல ஓடும். அதோட பின்னணி வேலை தனி புராசஸ்ல நடக்கும், Shift+Esc-ல Extension-னு போட்டு வர்றது அது மட்டும்தான். பேஜ்ல உள்ளத மாத்துற வேலைக்குன்னு இன்னொரு துண்டு கோடு இருக்கும், கன்டென்ட் ஸ்கிரிப்ட்டுன்னு பேரு, அதை நீங்க தொறக்குற ஒவ்வொரு பேஜுக்குள்ளயும் எக்ஸ்டென்ஷன் சொருகிடும். அது ஓடுறது பேஜோட புராசஸுக்குள்ள, சாப்பிடுறது பேஜோட மெமரிய, முட்டுறதும் பேஜோட கூரையில. குரோமோட கணக்குப் புத்தகத்துல அந்தச் செலவு பேஜ் பேர்லதான் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் நம்ம மீட்டர்ல வயர் இழுத்த மாதிரி, பில்லு நமக்கு வரும். அதனால எக்ஸ்டென்ஷன் வரி கம்மியா காட்டுதுன்னு அதை யோக்கியன்னு நம்பிடக் கூடாது.

நாலுல எதுன்னு கண்டுபிடிக்க பாதி பாதியா அணைச்சுப் பாக்கலாம்னு chrome://extensions போயி முதல்ல விளம்பரத் தடுப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அணைச்சேன். ஏறுது. சரின்னு அதை ஆன் பண்ணிட்டு மத்த ரெண்ட அணைச்சேன். அப்பவும் ஏறுது! நாலுமே திருடனான்னு ஒரு இருபது நிமிஷம் மண்டைய பிச்சுக்கிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, எக்ஸ்டென்ஷன அணைச்சாலும் ஏற்கனவே தொறந்திருக்குற டேப்ல சொருகின கோடு வெளிய வராது, அந்தப் பேஜ ரீலோட் பண்ணாத வரைக்கும் உள்ளயே இருந்து வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். நான் ரீலோட் பண்ணவே இல்ல. ஒவ்வொரு தடவை அணைச்சப்புறமும் ரீலோட் பண்ணி திருப்பிப் பாத்தேன், ரெண்டே சுத்துல ஆள் மாட்டிக்கிச்சு. கறுப்பு பின்னணிக்கு மாத்துறது.

அதை யாரு போட்டதுன்னு கேட்டேன், பொண்ணு தயங்கித் தயங்கி "நான்தாண்ணா, வெள்ளை பேஜ நாள் பூரா பாத்து கண்ணு எரியுது"ன்னுச்சு. தப்பே இல்ல. அந்த ரூம்ல ஜன்னல் கிடையாது, மேல ரெண்டு ட்யூப் லைட்டு, எனக்கே அரை மணி நேரத்துல கண்ணுல தண்ணி வந்துச்சு.

இதோட நிறுத்தியிருக்கலாம், ஆனா அது என்னதான் பண்ணுதுன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது. F12-ல மூணு புள்ளி, More tools, அதுல Performance monitor. ஓடிக்கிட்டே இருக்குற கோடு மாதிரி காட்டும், அதுல நான் பாத்தது JS heap size, DOM Nodes ரெண்டு மட்டும், முதலாவது ஜாவாஸ்கிரிப்ட் பிடிச்சிருக்குற மெமரி, ரெண்டாவது அந்தப் பேஜோட துண்டுங்க மெமரியில எத்தனை இருக்குங்குற எண்ணிக்கை. எக்ஸ்டென்ஷன் இல்லாதப்போ DOM Nodes 14,000-ல இருக்கும், ரெஃப்ரெஷ் ஆக ஆக ஏறும், கொஞ்ச நேரத்துல, யாரும் உபயோகிக்காததை குரோம் தானா காலி பண்ற குப்பை கூட்டுற வேலை நடந்து மறுபடி 14,000-க்கு வந்துடும். எக்ஸ்டென்ஷன் இருந்தா மாடிப்படி. ஒவ்வொரு 20 செகண்டுக்கும் ஒரு படி, படிக்கு 12,000. Memory டேப்ல குப்பை கூட்டச் சொல்ற பட்டன் ஒண்ணு இருக்கு, அதை அமுக்கு அமுக்குன்னு அமுக்கியும் ஒரு படி கூட எறங்கல.

ஆனா Console-ல இப்படிப் போட்டா:

```
document.querySelectorAll('*').length
```

எப்போ போட்டாலும் கிட்டத்தட்ட அதே ஏழாயிரம் சொச்சம்தான் வருது. இது பேஜ்ல இப்போ நிஜமா ஒட்டிக்கிட்டிருக்குற எலிமென்ட்ட மட்டும் எண்ணும். பேஜ்ல இருக்குறது ஏழாயிரம், மெமரியில இருக்குறது லட்சக்கணக்குல. பேஜ்ல இருந்து கழட்டி எறிஞ்சதை யாரோ கைய விடாம பிடிச்சுக்கிட்டிருக்காங்க.

யாருன்னு பாக்க Memory டேப்ல Heap snapshot, மெமரியில அந்த நேரத்துல என்னென்ன இருக்குன்னு எடுக்குற பட்டியல். முதல் தடவை டேப் ஒரு மணி நேரம் ஓடினப்புறம் எடுக்கப் பாத்தேன், ஸ்னாப்ஷாட் எடுக்குறதுக்கே மெமரி வேணும்ல, நடுவுலயே டேப் செத்துப்போச்சு, மறுபடி அந்த மூஞ்சி. அதனால பேஜ ரீலோட் பண்ணி சின்னதா இருக்கும்போதே அஞ்சாவது நிமிஷம் ஒண்ணு, பத்தாவது நிமிஷம் ஒண்ணு எடுத்தேன். மேல ஃபில்டர் கட்டத்துல Detached-னு அடிச்சா கழண்டு போனதை மட்டும் காட்டும். அஞ்சு நிமிஷத்துல Detached tr, அதாவது கழண்டு போன டேபிள் வரி, கிட்டத்தட்ட 9,000, பத்து நிமிஷத்துல 18,000. நிமிஷத்துக்கு மூணு ரெஃப்ரெஷ், அஞ்சு நிமிஷத்துக்கு 15, ஒரு தடவைக்கு 600 வரி, 15 பெருக்கல் 600 ஒம்பதாயிரம். அதாவது ரீலோட் பண்ணதுல இருந்து அந்தப் பேஜ் தூக்கிப் போட்ட ஒவ்வொரு வரியும், ஒண்ணு விடாம, மெமரியில இருக்கு.

அதுல ஒரு வரியக் கிளிக் பண்ணா கீழ Retainers-னு வரும், இதைப் பிடிச்சுக்கிட்டிருக்குறது யாருன்னு சங்கிலி மாதிரி காட்டும். போயி நின்ன இடம் அந்தக் கறுப்பு எக்ஸ்டென்ஷனோட ஸ்கிரிப்ட்ல ஒரு பெரிய லிஸ்ட்டு. அது பண்றது இதுதான்: பேஜ்ல புதுசா எது வந்தாலும் உடனே கவனிச்சு அதோட கலர மாத்தும், அணைச்சா பழைய கலர திருப்பிக் குடுக்கணும்ல, அதுக்காக அந்த எலிமென்ட்டையும் அதோட பழைய ஸ்டைலையும் ஒரு லிஸ்ட்ல எழுதி வெச்சுக்கும். பேஜ் அந்த வரிய தூக்கிப் போட்டாலும் லிஸ்ட்ல இருந்து எடுக்காது. லிஸ்ட்ல பேர் இருக்குற வரைக்கும் குப்பை கூட்டுறவன் அதைத் தொட மாட்டான், ஏன்னா யாரோ உபயோகிக்கிறாங்கன்னு நெனச்சுப்பான்.

நியூஸ் படிக்கிற மாதிரி ஒரு தடவை தொறந்து படிச்சுட்டு மூடுற பேஜ்ல இந்த ஓட்டை ஜென்மத்துக்கும் வெளிய தெரியாது. டேபிள மொத்தமா அழிச்சு 20 செகண்டுக்கு ஒரு தடவை புதுசா கட்டுற பேஜ்ல போயி மாட்டுச்சு பாருங்க, அங்கதான் வெடிச்சுது. தனித்தனியா ரெண்டும் ஓடும், சேத்து வெச்சாத்தான் வம்பு. அதனாலதான் டெவலப்பர் மெஷின்லயும் சாகல, பொண்ணோட வீட்டு லேப்டாப்ல அதே எக்ஸ்டென்ஷன் இருந்தும் அங்கயும் சாகல.

பில் புக் அட்டையில ஒரு நாள் மட்டும் மத்தியானத்துக்கு மேல ஒண்ணுமே எழுதல, அது அப்போ புரியல. அன்னிக்கு என்ன பண்ணேன்னு கேட்டேன், ஆடி ஆஃபர் போட்டோவ எல்லாருக்கும் அனுப்புற வேலை, மத்தியானம் பூரா வாட்ஸ்அப் டேப்லயே இருந்தேன்னுச்சு. 2021-ல வந்த குரோம் 88-ல இருந்து ஒரு டேப் அஞ்சு நிமிஷத்துக்கு மேல பின்னாடி மறைஞ்சு கிடந்தா அதோட டைமர நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் எழுப்பி விடும். 20 செகண்ட் ரெஃப்ரெஷ் 60 செகண்ட் ஆயிடும், ஏறுற வேகம் மூணுல ஒரு பங்கு. அதான் ராத்திரி வரைக்கும் தாங்கியிருக்கு.

வைத்தியம் ரொம்ப சின்னது. chrome://extensions-ல அந்த எக்ஸ்டென்ஷனோட Details, அதுல Site access, On all sites-ல இருந்ததை On click-னு மாத்தினேன். இனிமே நாமளா அதோட ஐகான அமுக்கினாத்தான் அந்தப் பேஜுக்குள்ள போகும். டேப்ப ரீலோட் பண்ணேன், மறக்காம. கண்ணு எரிச்சலுக்கு விண்டோஸ்ல Night light போட்டு, மானிட்டர் பிரைட்னஸ நூறுல இருந்து பாதிக்குக் கீழ எறக்கி வெச்சேன், அது இத்தனை நாள் நூறுலயே இருந்திருக்கு. ஆர்டர் பேஜோட செட்டிங்ஸ்ல ஒரு பக்கத்துக்கு 600 வரிங்குறத 100 ஆக்கினேன், பழைய ஆர்டர் வேணும்னா தேடிக்கலாம், ஆறுநூறையும் ஒரே பேஜ்ல வெச்சு யாரு பாக்கப் போறா. கேஷ் க்ளியர் பண்ணேனான்னு கேப்பீங்க, பண்ணேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, கேஷ் பெரும்பாலும் டிஸ்க்ல இருக்குறது. Memory Saver ஆன் பண்ணியும் பாத்தேன், அது நாம பாக்காம விட்ட டேப்பத்தான் தூங்க வெக்கும், கண்ணு முன்னாடி தொறந்திருக்குற டேப்பத் தொடாது.

அந்த எட்டு ஜிபி ஸ்டிக்கையும் கழட்டிட்டேன். கழட்டி பழையபடி எட்டு ஜிபியிலயே ஒரு நாள் பூரா ஓட விட்டாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்னு அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு "இன்னாபா, போட்டத ஏன் புடுங்குற"ன்னு மொறைச்சாரு. காலைல பத்தேகாலுக்கு தொறந்தது ராத்திரி ஒம்போதுக்கு JavaScript memory 70-க்கும் 110-க்கும் நடுவுல ஆடிக்கிட்டிருந்துச்சு.

இதே வாரம் கொருக்குப்பேட்டையில ஒரு காலேஜ் பையனோட லேப்டாப்லயும் அதே Out of Memory, அதை இங்க சொல்றது காரணம் தலைகீழா இருந்ததால. நாலு ஜிபி ராம், அங்க டைம் கணக்கு எதுவும் ஒத்து வரல, ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் மூணு மணி நேரம், சாகுற டேப்பும் ஒவ்வொரு தடவை வேற வேற. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல Performance, Memory, அதுல Committed-னு ரெண்டு நம்பர் சாய்கோடு போட்டு இருக்கும், முன்னாடி இருக்குறது இதுவரைக்கும் வாக்கு குடுத்தது, பின்னாடி இருக்குறது மொத்தமா குடுக்க முடிஞ்சது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு, 3.6/3.8. எஸ்எஸ்டி ஆயுசு கெட்டுடும்னு எங்கயோ படிச்சிட்டு, ராமுக்குத் துணையா விண்டோஸ் டிஸ்க்ல வெச்சுக்குற பேஜ்ஃபைல மொத்தமா அணைச்சு வெச்சிருக்கான். பேஜ்ஃபைல் இல்லன்னா விண்டோஸால ராம் அளவுக்கு மேல வாக்கே குடுக்க முடியாது, குரோம் கேக்கும்போது இல்லன்னு சொல்லிடும், அந்த நேரத்துல கேட்ட டேப் எதுவோ அது செத்துடும். System managed size-னு திருப்பி வெச்சு ரீஸ்டார்ட் பண்ணேன், வேகம் ஒண்ணும் கூடல, ஆனா மூஞ்சி வர்றது நின்னுச்சு. இவனுக்கு நெஜமாவே ராம் போட்டா பிரயோஜனம் உண்டு, எம்.சி.ரோடு கடைக்கு வாங்கின ஸ்டிக்க இவனுக்குப் போடலாம்னு பாத்தேன், டெஸ்க்டாப் ஸ்டிக் லேப்டாப்ல எங்க போகும், ரிச்சி ஸ்ட்ரீட்லயே திருப்பிக் குடுத்துட்டேன்.

டெவலப்பர்கிட்ட ரெண்டு ஸ்னாப்ஷாட்டையும் அனுப்பி, டேபிள மொத்தமா அழிச்சுக் கட்டாம மாறின வரிய மட்டும் மாத்துற மாதிரி எழுத முடியுமான்னு கேட்டேன், பாக்குறேன்னாரு, இன்னும் வரல. எக்ஸ்டென்ஷன் பக்கத்துலயும் எழுதிப் போட்டேன், பதில் இல்ல. போன வாரம் பிரிண்டர் ரிப்பனுக்காகப் போனப்போ அந்த டேப் கறுப்பா இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டா, "சாயங்காலத்துக்கு மேலதாண்ணா போட்டுப்பேன், கடை மூட ரெண்டரை மணி நேரம்தானே இருக்கு"ன்னுச்சு. Shift+Esc அமுக்கிப் பாத்தேன், 210, ஏறிக்கிட்டு இருந்துச்சு, மணி ஏழே கால். வரிய நூறா குறைச்சதுல ஏறுறதும் ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு, ஒம்போதுக்குள்ள கூரையத் தொடாது. விட்டுட்டு ரிப்பன மாத்திட்டு வந்துட்டேன்.